பனிக்கட்டி, கப்பி, ஒளிமின் விளைவு: ஆப்ஷனை அடித்துவிட்டுக் கணக்கைத் தொடங்கும் மூன்று வினாக்கள்

நீட் இயற்பியல் பயிற்சித் தாள். சரியான விடைக்கு +4, தவறான விடைக்கு −1, தொடாமல் விட்டால் 0. மூன்று வினாவுக்கும் சேர்த்து 4 நிமிடம். முதலில் தீர்வுகளை மூடிவைத்துப் போட்டுப் பாருங்கள், பிறகு தீர்வுக்கு வாருங்கள்.

வினா 1. நீர்ச் சமானம் 10 g உள்ள ஒரு கலோரிமீட்டரில் 40 °C வெப்பநிலையில் 190 g தண்ணீர் இருக்கிறது. அதில் −10 °C வெப்பநிலையிலுள்ள 60 g பனிக்கட்டி போடப்படுகிறது. வெளியே வெப்ப இழப்பு இல்லையெனில், இறுதி வெப்பநிலை ஏறத்தாழ எவ்வளவு? (பனிக்கட்டியின் தன் வெப்ப ஏற்புத்திறன் 0.5 cal/g °C, உருகுதலின் உள்ளுறை வெப்பம் 80 cal/g)

(1) 0 °C  (2) 11.2 °C  (3) 14.5 °C  (4) 29.6 °C

வினா 2. 4 kg நிறையும் சீரான வட்டத் தட்டின் வடிவமும் கொண்ட ஒரு கப்பியின் மேல் செல்லும் கயிற்றின் இரு முனைகளில் 5 kg, 3 kg நிறைகள் தொங்குகின்றன. கயிறு வழுக்கவில்லை, அச்சில் உராய்வு இல்லை. நிறைகளின் முடுக்கம் என்ன? (g = 10 m/s²)

(1) 1.67 m/s²  (2) 2 m/s²  (3) 2.5 m/s²  (4) 4 m/s²

வினா 3. வெளியேற்று ஆற்றல் 2.0 eV உள்ள ஓர் உலோகத்தின் மீது 400 nm அலைநீள ஒளி விழுகிறது. வெளியேறும் எலக்ட்ரானின் பெரும வேகம் ஏறத்தாழ எவ்வளவு?

(1) 2.0 × 10⁵ m/s  (2) 6.2 × 10⁵ m/s  (3) 1.0 × 10⁶ m/s  (4) 3.9 × 10¹¹ m/s

தீர்வு 1

சமன்பாடு எழுத வேண்டாம். இரண்டே பெருக்கலை ஓரத்தில் போடுங்கள்.

தண்ணீரும் கலோரிமீட்டரும் 0 °C வரை இறங்கினால் கொடுக்கும் வெப்பம்: 200 × 40 = 8000 cal. பனிக்கட்டி முழுவதும் 0 °C தண்ணீராக மாறக் கேட்கும் வெப்பம்: 0 °C வரை ஏற 60 × 0.5 × 10 = 300, உருக 60 × 80 = 4800, ஆக 5100 cal.

கையிருப்பு 8000, செலவு 5100. பனிக்கட்டி முழுதும் உருகிய பிறகும் மிச்சம் இருக்கிறது. எனவே (1) போயிற்று.

(4)-ஐப் பாருங்கள். உருகவே வெப்பம் தேவையில்லை என்று வைத்துக்கொண்டால் (8000 − 300)/260 = 29.6. எண் அப்படியே வருகிறது. உள்ளுறை வெப்பத்தை மறந்தவருக்காகவே வைத்த ஆப்ஷன் அது. உருகுவதற்குப் போகும் 4800 cal மொத்த 260 g-க்கும் பகிர்ந்தால் 18 °C-க்கு மேல் இறங்கும். ஆகவே விடை 11-ஐ ஒட்டித்தான் இருக்க முடியும். (4) போயிற்று. ஏற்கெனவே (2) பக்கம் சாய்ந்தும் விட்டது.

மிச்சம் 11.2, 14.5. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி போதுமானது என்பதால் 14.5-ஐத் திரும்பப் போட்டுச் சோதிக்கலாம். தண்ணீர் இழப்பது 200 × 25.5 = 5100. பனிக்கட்டி பெறுவது 5100 + 60 × 14.5. இந்த இரண்டாவது எண் முதல் எண்ணை விட 870 அதிகம். கொடுத்ததைவிடப் பெற்றது கூடவா? ஆகாது. உருகி வந்த 60 g தண்ணீரும் 0-விலிருந்து மேலே ஏற வேண்டும் என்பதை மறந்து 2900-ஐ 200-ஆல் வகுத்தவருக்கு 14.5 கிடைக்கும்.

இப்போது முழுக் கணக்கு, உறுதிக்காக:

200(40 − T) = 300 + 4800 + 60T
2900 = 260T
T = 11.15 °C

விடை (2).

இதே வினாவில் 14.5-க்குப் பதிலாக 12.3 °C கொடுத்திருந்தால் நிலைமை வேறு. பனிக்கட்டி −10-விலிருந்து 0-க்கு ஏறும் 300 cal-ஐ விட்டுவிட்டால் 3200/260 = 12.3 வரும். சுமார் 1 டிகிரிதான் வித்தியாசம். அங்கே "300 சின்னது, விடு" என்று தோராயம் போட்டால் நேராகப் பொறியில் போய் விழுவோம். ஆப்ஷன்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அதைவிடச் சிறிய பிழையைத்தான் தோராயத்தில் அனுமதிக்கலாம். இங்கே 300 cal-இன் மதிப்பு 300/260, அதாவது 1.15 °C. ஆப்ஷன்கள் அதைவிட நெருக்கமாக இருந்தால் முழுக் கணக்கு போடுவதைத் தவிர வழியில்லை.

இன்னொரு எண் 10.0. அது இந்த வினாவில் இல்லை, ஆனால் இதே போன்ற வினாவில் வரலாம். கலோரிமீட்டரின் 10 g-ஐ மறந்தால் 7600 − 5100 = 2500, வகுத்தல் 250, விடை 10.0. பனிக்கட்டியின் தன் வெப்பத்தை 0.5-க்குப் பதில் 1 என்று எடுத்தாலும் 8000 − 600 − 4800 = 2600, வகுத்தல் 260, மறுபடியும் 10.0! இரு வேறு பிழைகள் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. வட்டமான எண் வந்தால் மனம் உடனே "சரி" என்று நம்பிவிடும், தேர்வில் இதுவே ஆபத்து. முழு எண்ணாக வரும் ஆப்ஷனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

தண்ணீர் 40 °C அல்ல, 25 °C என்று மாற்றிப் பாருங்கள். கையிருப்பு 200 × 25 = 5000, தேவை 5100. 100 cal பற்றாக்குறை. சமன்பாட்டை யோசிக்காமல் போட்டால் T = −0.38 °C என்று வரும், அப்படி ஒரு வெப்பநிலை இங்கே சாத்தியமில்லை. 100/80 = 1.25 g பனிக்கட்டி உருகாமல் மிதக்கும், விடை 0 °C. "கையிருப்பா, தேவையா, எது பெரிது?" என்ற ஒப்பீட்டை ஒவ்வொரு கலவைக் கணக்கிலும் முதலில் செய்யச் சொல்வது இதற்காகத்தான். 0 °C ஆப்ஷன் எப்போதும் தவறு என்று யாரும் மனப்பாடம் செய்யக் கூடாது.

மதிப்பெண் கணக்கு

ஒரு விடை சரியாக இருக்கும் வாய்ப்பு p என்றால், சராசரியாகக் கிடைப்பது 4p − (1 − p), அதாவது 5p − 1. p 1/5-ஐத் தாண்டினால் லாபம்.

நாலு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் +0.25. ஒன்றை நீக்கினால் +0.67. இரண்டை நீக்கினால் +1.5. மூன்றையும் நீக்கினால் அது விடையே.

கண்ணை மூடி அடித்தாலும் லாபம்தானே என்று கேட்கலாம். கணிதம் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அது உண்மையிலேயே குலுக்கல் போட்டால் மட்டும். தேர்வறையில் யாரும் குலுக்கிப் போடுவதில்லை, "எங்கேயோ பார்த்த எண்ணாயிற்றே" என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பார்த்த எண் பெரும்பாலும் நம்முடைய அரைகுறைக் கணக்கில் வந்த எண். அதற்கென்றே 29.6-உம் 14.5-உம் காத்திருக்கின்றன. அப்போது p 1/5-க்குக் கீழே இறங்கிவிடும், சராசரி மைனஸுக்குப் போய்விடும். ஒரு ஆப்ஷனைக்கூட இயற்பியல் காரணம் சொல்லி நீக்க முடியவில்லை என்றால் அந்த வினாவை விட்டுவிடுவது நல்லது.

நீக்கியதற்கான காரணத்தை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும்: "அலகு பொருந்தவில்லை", "வரம்புக்கு வெளியே", "பிளஸ்-மைனஸ் குறி தப்பு". "பிடிக்கவில்லை" காரணம் ஆகாது.

தீர்வு 2

இது இரு பக்க வேலி போட்டு விடையைப் பிடிக்கும் வினா. முழுக் கணக்கே தேவைப்படாது.

கப்பிக்கு நிறையே இல்லை என்று கொண்டால் a = (5 − 3) × 10 / 8 = 2.5 m/s². நிறை உள்ள கப்பியையும் சுழற்ற வேண்டியிருப்பதால் உண்மையான முடுக்கம் இதைவிடக் கட்டாயம் குறைவு. எனவே (3), (4) இரண்டும் ஒரே வரியில் போயிற்று.

மறுபுறம், கப்பியின் 4 kg முழுவதும் விளிம்பிலேயே இருந்தால் அது கயிற்றோடு ஓடும் இன்னொரு 4 kg போலத்தான்: 20/12 = 1.67 m/s². தட்டில் நிறை மையம் வரை பரவிக் கிடப்பதால் சுழற்றுவது எளிது, முடுக்கம் 1.67-ஐ விடக் கட்டாயம் அதிகம். (1) போயிற்று.

1.67-க்கும் 2.5-க்கும் நடுவில் இருப்பது 2 மட்டும். விடை (2). சூத்திரமும் அதையே சொல்கிறது: தட்டின் நிலைமத் திருப்புத்திறன் ½MR² என்பதால் 20/(8 + 2) = 2. இழுவிசைகளையும் சரிபார்க்கலாம்: 5 kg பக்கம் 5 × (10 − 2) = 40 N, 3 kg பக்கம் 3 × (10 + 2) = 36 N. வித்தியாசம் 4 N, அது ½ × 4 × 2-க்குச் சமம்.

கப்பிக்கு நிறை இருந்தும் இரு பக்க இழுவிசையும் சமம் என்று எழுதுவதே இங்கே அதிகம் நடக்கும் தவறு. அப்படி எழுதினால் 2.5 வரும், அதையும் ஆப்ஷனில் வைத்திருக்கிறார்கள்.

தீர்வு 3

(4) ஒளியின் வேகமான 3 × 10⁸-ஐத் தாண்டுகிறது. கணக்கு தொடங்கும் முன்பே அடித்துவிடலாம். வர்க்கமூலம் எடுக்க மறந்து v²-ஐயே விடையாக எழுதினால் வரும் எண் அது.

ஃபோட்டானின் ஆற்றல் 1240/400 = 3.1 eV. எலக்ட்ரானுக்கு மிஞ்சுவது 3.1 − 2.0 = 1.1 eV. 1 eV எலக்ட்ரானின் வேகம் சுமார் 6 × 10⁵ m/s என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு இதற்குமேல் வேலை இல்லை: 1.1 eV-க்கு அதைவிடக் கொஞ்சம் கூட. விடை (2).

நினைவில் இல்லாதவர்கள் v² = 2 × 1.1 × 1.6 × 10⁻¹⁹ / 9.1 × 10⁻³¹ = 3.9 × 10¹¹ என்று போடுவார்கள். அடுக்கு 11 ஒற்றைப்படை. 3.9-இன் மூலம் 2.0, 11-இன் பாதி 5 என்று அவசரத்தில் எழுதினால் (1)-இல் போய் நிற்பீர்கள். 39 × 10¹⁰ என்று அடுக்கை இரட்டைப்படையாக மாற்றியபின் மூலம் எடுங்கள்: 6.2 × 10⁵. வெளியேற்று ஆற்றலைக் கழிக்க மறந்து 3.1 eV-ஐ முழுதாக எடுத்தால் (3) வரும்.

விடைகள்: 1 – (2), 2 – (2), 3 – (2). மூன்றும் ஒரே எண் என்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஒன்றையாவது மாற்றியிருந்தால், ஓ.எம்.ஆர். தாளில் பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். விடைகளின் வரிசைக்கும் இயற்பியலுக்கும் சம்பந்தமில்லை.