வெளித்தொடர்புகளால் விடுதிக்கு உள்ள பயன் குறித்து மேலாளருக்கு எழுதிய விளக்கக் கடிதம்

கானாடுகாத்தான்
11.08.2025

அனுப்புநர்: பராமரிப்பு மேற்பார்வையாளர்
பெறுநர்: மேலாளர் அவர்கள்

பொருள்: பழைய வீடுகளைப் பராமரிப்போரின் மாதாந்திரக் கூட்டத்தில் தொடர்ந்து கலந்துகொள்ள அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சனிக்கிழமை மாலை கணக்கு முடிக்கும் நேரத்தில், "அங்கே போனால் உங்களுக்கு நாலு பேர் பழக்கமாகும், சரி, விடுதிக்கு என்ன வரும்?" என்று கேட்டீர்கள். அப்போது நான் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது என்பதாலும், நின்றபடியே சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்பதாலும் எழுத்தில் தருகிறேன்.

முதலில் என் தவறு. கடந்த செவ்வாய்க்கிழமை காலை சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கிய நேரத்தில், கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருடன் ஏறக்குறைய நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். மூட்டைகளை எண்ணி வாங்க ஆளில்லாமல் தாங்களே வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. பேசியது வேலை சம்பந்தமான செய்திதான் என்றாலும், அந்த நேரம் விடுதிக்கு உரியது. மாலையில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். தங்கள் கேள்வி அதிலிருந்து பிறந்தது என்றே எண்ணுகிறேன்.

கூட்டம் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் காரைக்குடியில் நடக்கிறது. வருபவர்கள் பதினைந்து பேருக்கு மேல் இருப்பதில்லை: நம்மைப் போன்ற விடுதிகளில் பராமரிப்பைப் பார்ப்பவர்கள், சொந்த வீட்டைப் பூட்டிவைத்து ஆள் போட்டுப் பார்த்துக்கொள்பவர்கள், இரண்டு கொத்தனார்கள், ஓடு மாற்றும் ஒருவர், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர், சில சமயம் பழம்பொருள் வியாபாரிகள். தேநீர் தவிர வேறு செலவில்லை, சந்தாவும் இல்லை.

விடுதிக்கு வந்த பயனைச் சொல்கிறேன். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டாம் கட்டின் மேற்குச் சுவரில் பூச்சு கொப்பளித்து உதிர்ந்தது தங்களுக்கு நினைவிருக்கும். முதலில் வந்து பார்த்தவர், சுவர் முழுவதையும் கொத்திவிட்டுச் சிமெண்டுப் பூச்சு போட ஒரு இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டார். அந்த மாதக் கூட்டத்தில், எந்த வீடு என்று சொல்லாமல், சுவரின் அடியில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ போட்ட சிமெண்டு ஒட்டு இருப்பதை மட்டும் சொல்லி என்ன செய்யலாம் என்று கேட்டேன். தேவகோட்டையிலிருந்து வரும் வயதான கொத்தனார், பூச்சைத் தொடாதீர்கள், அந்த ஒட்டை எடுங்கள் என்றார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால் நீர் மேலேறி, உப்போடு சேர்ந்து நல்ல பூச்சையும் தள்ளிவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். ஒட்டை எடுத்துவிட்டு இரண்டு மாதம் சுவரைக் காயவிட்டோம். பிறகு உதிர்ந்த இடத்துக்கு மட்டும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு போட்டு, முட்டை வெள்ளைக்கரு கலந்த மேல்பூச்சைத் தேய்த்து முடித்ததில் செலவு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். மீதம் முழுவதும் கூட்டத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நாமே நாலு கொத்தனாரைத் தேடியிருந்தால் ஒருவர் இதையே சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அந்த நாலு பேரையும் எங்கே தேடுவது என்பதுதான் இன்று நமக்குள்ள சிக்கல். முட்டைப் பூச்சு தெரிந்தவர்கள் விளம்பரப் பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

தரை விஷயமும் இதைப் போன்றதே. குளியலறைக்கு வாங்கிய அமிலக் கலவையால் முகப்புத் தரையையும் துடைத்துக்கொண்டிருந்தோம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடியின் மேல் நிறக் கலவையை ஊற்றி, பின்புறம் சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தி எடுப்பது. அமிலம் பட்டால் நிறம் இருக்கும் அந்த மெல்லிய மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிடும் என்பதைப் பட்டறைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். மறுநாளே நிறுத்திவிட்டு, ஈரத்துணியும் அவ்வப்போது ஓரிரு துளி தேங்காய் எண்ணெயும் என்று மாற்றினோம். வாசல் பக்கம் மங்கிப்போன ஏழெட்டுக் கற்கள் மங்கியவையாகவே இருக்கின்றன, அதற்கு வழியில்லை. பிப்ரவரியில் ஒரு குழுவுக்கு நான்கு அறை குறைந்தபோது, தாங்கள் தொலைபேசியில் பேசிய பக்கத்து விடுதிக்காரர் ஒத்துக்கொண்டதற்கும் இந்தக் கூட்டத்தில் ஏற்பட்ட அறிமுகம் ஒரு காரணம்.

இனி இரகசியம். பயனைவிட இதுவே தங்கள் மனத்தை உறுத்தும் என்று நினைக்கிறேன், என்னையும் இதுவே அதிகம் யோசிக்க வைத்தது.

நான் எனக்கு வகுத்துக்கொண்ட அளவுகோல் எளியது: பழைய வீடுகளைப் பற்றி எதையும் கேட்கலாம், சொல்லலாம், இந்த வீட்டைப் பற்றி எதுவும் வெளியே போகக் கூடாது. அறை வாடகை, பயண முகவர்களுக்கு நாம் தரும் கழிவு, சரக்குக் கொடுப்பவர்களின் விலை, சமையற்கட்டின் மசாலா அளவு ஆகியவை யாருக்கும் தெரியவேண்டியவை அல்ல. விருந்தினர் விவரமும் அப்படியே. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் அனுப்புவதற்காகத்தான் அவர்களின் கடவுச்சீட்டைப் பார்க்கிறோம். அந்த வேலைக்காகக் கொடுத்ததை வேறெதற்கும் பயன்படுத்த நமக்கு உரிமையில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. யார் வந்தார்கள், எந்த நாட்டவர், எத்தனை நாள் என்பதைக் கதையாகக்கூட நான் சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வீட்டினுள் இருப்பவற்றைப் பற்றிய பேச்சு. கூட்டத்துக்குப் பழம்பொருள் வியாபாரிகளும் வருகிறார்கள் என்று மேலே எழுதினேன். அவர்களில் நேர்மையானவர்களே மிகுதி. இருந்தாலும் எந்த வீட்டில் எந்தக் கதவு, எந்த அறையில் எந்த ஓவியம், எது பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களின் தொழிலுக்குப் பணம். நம் பெட்டகசாலை அறைகளின் சாவி பங்காளிகளில் யாரிடம் இருக்கிறது, அவர்களுக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்பதும் அப்படிப்பட்ட செய்திதான். ஒரு புகைப்படம்கூடப் போதும். சுவர் விரிசலைக் காட்ட எடுத்த படத்தின் ஓரத்தில் பெட்டகம் தெரிந்துவிடும். ஆகவே கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் நம் வீட்டின் எந்தப் படத்தையும் நான் போட்டதில்லை. இனிமேல் காட்டித்தான் ஆகவேண்டும் என்று வந்தால், சுவரில் ஒரு முழ அகலம் மட்டும் தெரியும்படி எடுத்து, முதலில் தங்களுக்குக் காட்டிவிட்டுப் பிறகே அனுப்புவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் ஐயா ரங்கூனில் பெட்டியடிப் பையனாக இருந்த காலத்துக் கதைகளைத் தாங்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததையும், ஆனாலும் ஒரு கடையின் பேரேட்டை இன்னொரு கடைக்காரர் பார்த்ததில்லை என்பதையும் அப்போது கேட்டேன். பேரேட்டை மூடிவைத்துக்கொண்டு பொது விஷயம் பேசிய அந்தப் பாதிப் பழக்கத்தை நான் பின்பற்றலாம். விகிதத்தைக் கூடி முடிவு செய்த மறுபாதியைப் பின்பற்ற முடியாது. போட்டியில் இருப்பவர்கள் கூடி விலையை ஒத்துக்கொள்வது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி இன்று தடை செய்யப்பட்டது. மார்கழி, தை மாதங்களுக்கு வாடகையை எல்லாரும் ஒரே மாதிரி உயர்த்தலாமே என்று ஒருமுறை ஒருவர் தொடங்கினார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் பேச்சு முடிந்தபின்தான் உள்ளே போனேன். இனியும் அப்படியே செய்வேன், அன்றிரவே தங்களுக்கும் தெரிவிப்பேன்.

தாங்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏப்ரல் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, வேறொரு விடுதிக்காரர் என்னைத் தம் இடத்துக்கு வரும்படி கேட்டார். மறுத்துவிட்டேன். அன்றே தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சம்பள உயர்வுக்கு அடிபோடுவதாகத் தோன்றிவிடுமோ என்ற கூச்சத்தில் சொல்லாமல் விட்டேன். பிறர் வாயிலாகத் தெரியவந்தால் அது வேறு விதமாகப் படும் என்பதை இப்போது உணர்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, என் பணி ஐந்து மணிக்கு முடிகிறது. காரைக்குடிக்கு அரை மணியில் போய்விடலாம். மேற்பார்வைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, நீர்மோட்டார் அறைச் சாவியை இரவுக் காவலரிடம் ஒப்படைத்த பிறகே புறப்படுவேன். எல்லா அறைகளும் நிரம்பியிருக்கும் நாளில், அல்லது ஏதாவது பழுது பாதியில் நிற்கும் நாளில், போகமாட்டேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் போகும் எண்ணமே இல்லை. பணி நேரத்தில் அந்த வாட்ஸ்அப் குழுவின் ஒலி அணைந்திருக்கும். பகல் நேரத்தில் வேறு வீட்டைப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு வந்தால், அதை என் சொந்த விடுப்பில் கழித்துக்கொள்ளுங்கள். விடுதியின் வண்டியையோ பெட்ரோல் கணக்கையோ இதற்குக் கேட்கமாட்டேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுநாள் காலை, அங்கே கேட்டவற்றில் நமக்கு உதவுவதை அரைப் பக்கத்தில் எழுதித் தருகிறேன். எதுவும் இல்லாத மாதத்தில், இல்லை என்று எழுதுவேன். மூன்று மாதம் தொடர்ந்து அப்படியே எழுத நேர்ந்தால், போவதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

அக்டோபர் மாதக் கூட்டத்தை நம் விடுதியில் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நம் வளவும் பட்டாலையும் அதற்கு வசதியானவைதான், நம் பெயரும் நாலு பேருக்குத் தெரியும். ஆனாலும் பெட்டகசாலையின் பின்கதவுப் பூட்டை மாற்றும் வேலை முடியாத இந்த நிலையில், தெரிந்தும் தெரியாத பதினைந்து பேர் வீட்டுக்குள் நடமாடுவது சரியல்ல என்று நினைக்கிறேன். தாங்கள் ஒப்புக்கொண்டால், இந்த ஆண்டு இயலாது என்று என் சொந்த வசதியைக் காரணம் காட்டிச் சொல்லிவிடுகிறேன். பூட்டைப் பற்றிப் பேசமாட்டேன்.

அடுத்த கூட்டம் வருகிற வியாழக்கிழமை, 14ஆம் தேதி. புதன்கிழமை மாலைக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் போதும். வேண்டாம் என்று முடிவு செய்தாலும், தேவகோட்டைக் கொத்தனாரின் தொலைபேசி எண்ணைப் பராமரிப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன் அவரை ஒருமுறை வரவழைத்து மேற்குச் சுவரைக் காட்ட வேண்டும்.

தங்கள் பணிவுள்ள,
பராமரிப்பு மேற்பார்வையாளர்