ஸ்பிரிங்க்ளர் ஹைட்ராலிக் கணக்கு: கும்பகோணம் ஜவுளிக்கடை, இரண்டாம் மாடி

உரிமையாளர், கட்டட இன்ஜினீயர், பைப் வேலை சூப்பர்வைசர் மூவருக்கும்.

இரண்டாம் மாடியில் துணி விற்பனையும், பின்பக்கம் ஸ்டாக் ரேக்குகளும். என்.எஃப்.பி.ஏ 13 படி சாதாரண ஆபத்து, குரூப் 2. நிமிடத்துக்கு 8.1 மி.மீ நீர், 139 சதுர மீட்டர் பரப்புக்கு. ரேக் 2.4 மீட்டருக்கு மேல் போகாது என்ற உங்கள் வாக்கை நம்பித்தான் இந்த வகை. தீபாவளிச் சரக்கு வந்ததும் கூரை வரை அடுக்கினால் கீழே உள்ள எந்த எண்ணும் செல்லாது. ஹெட்டுக்குக் கீழே 450 மி.மீ எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

கணக்கு தொடங்கும் இடம் வாயு மூலை ஹெட். அளந்தால் படிக்கட்டு மூலை ஹெட்தான் அதிக தூரம். ஆனால் அங்கே ஒரு ஹெட்டுக்கு 8 சதுர மீட்டர்தான், 0.66 பார் போதும். அங்கிருந்தும் போட்டுப் பார்த்தேன், மொத்தத் தேவை குறைவாகவே வந்தது. வாயு மூலையில் பிராஞ்சில் 4 மீட்டருக்கு ஒரு ஹெட், பிராஞ்சுகளுக்கு நடுவே 3 மீட்டர். ஆக ஒரு ஹெட்டுக்கு 12 சதுர மீட்டர். உச்சவரம்பு 12.1, எனவே இதற்கு மேல் இழுக்க இடமில்லை. ஹெட்டின் கே மதிப்பு 80.

```
Q1 = 8.1 x 12 = 97.2 lpm
P1 = (Q1/K)^2 = (97.2/80)^2 = 1.48 bar
```

குறைந்தபட்சம் 0.5 பார் வேண்டும், அதைத் தாண்டிவிட்டது. ஹெட்டை 3 x 3 மீட்டராக நெருக்கினால் 0.83 பாரிலேயே முடியும். ஆனால் ஹெட்டும் பைப்பும் கூடிவிடும்.

139 சதுர மீட்டருக்கு 12 ஹெட், பிராஞ்சுக்கு 4 வீதம் மூன்று பிராஞ்ச். உராய்வுக்கு ஹேசன்-வில்லியம்ஸ், சி 120. பைப் ஐ.எஸ் 1239 சி கிளாஸ், உள்விட்டத்தை வைத்தே கணக்கு.

```
p = 6.05e5 x Q^1.85 / (C^1.85 x d^4.87)   bar/m

1-2  25NB  d=25.7   97.2 lpm  4 m  0.22   P2=1.70  Q2=104.3
2-3  32NB  d=34.4  201.5 lpm  4 m  0.21   P3=1.91  Q3=110.5
3-4  40NB  d=40.3  312.0 lpm  4 m  0.22   P4=2.12  Q4=116.5
4-A  50NB  d=51.3  428.5 lpm  5 m  0.15   PA=2.27
```

கடைசி வரியின் 5 மீட்டரில் 2 மீட்டர் பைப், 3 மீட்டர் டீயின் ஈடு நீளம். முதல் ஹெட்டில் 97, நான்காவதில் 116. பம்புக்கு நெருங்கும் ஹெட் அதிகமாக ஊற்றும்; 97.2ஐ 12ஆல் பெருக்கி முடித்துவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்த பிராஞ்சின் கே மதிப்பு 428.5ஐ 2.27 இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 284. மற்ற இரண்டும் அதே அமைப்பு. கிராஸ் மெயின் 65. இரண்டாவது பிராஞ்சில் 2.30 பாருக்கு 431, மூன்றாவதில் 2.38 பாருக்கு 439. மூன்றும் சேர்ந்து 1,298 லிட்டர்.

அங்கிருந்து பம்ப் வரை 100 பைப், 50 மீட்டர். சம்ப் ஈசானியத்தில்தான் வேண்டும் என்றதால் நீளம் இப்படி. நான்கு பெண்டு, பட்டர்ஃபிளை வால்வு, செக் வால்வு சேர்த்து 22.6 மீட்டர் கூடுகிறது.

```
PC            2.38
100NB 72.6 m  0.55
alarm valve   0.30
11.5 m x .098 1.13
              ----
              4.36 bar @ 1298 lpm
```

11.5 மீட்டர் என்பது பம்பிலிருந்து ஹெட் வரை உள்ள உயரம். அலாரம் வால்வுக்கு 0.30 என்று எடுத்திருக்கிறேன். வாங்கும் வால்வின் தாள் கையில் வந்ததும் அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

ஹோஸுக்கு 950 லிட்டர் சேர்த்தால் 2,248. பம்ப்: நிமிடத்துக்கு 2,280 லிட்டர், 56 மீட்டர் ஹெட், அதாவது 5.49 பார். கையிருப்பு 1.1 பார். மேல்மாடி ஹோஸ் வாயின் அழுத்தத்துக்குத் தனிக் கணக்கு வரும்.

செலவுக்காக 100ஐ 80 ஆக்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: அந்தப் பகுதியின் இழப்பு 0.55 இலிருந்து 1.85 ஆகிறது, தேவை 5.66 பார். பம்ப் தருவதைத் தாண்டிவிடும். முடியாது.

தண்ணீர் 60 நிமிடத்துக்கு 1,35,000 லிட்டர். மாநகராட்சிக் குழாயின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. அரசலாற்றுப் பக்கம் ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும்; முழுக்க மண்ணுக்குள் கட்டிய சம்ப்பைச் சுத்தம் செய்யக் காலி செய்தால் மிதக்கப் பார்க்கும். தரைக்கு மேலே கட்டுங்கள். பம்புக்கும் தண்ணீர் தானாக வந்து நிற்கும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் பைப் உள்ளே படிந்து சி 120 கீழே இறங்கும், எனவே நிரப்புமுன் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பவும்.

கூரை தகரம் என்பதால் சித்திரையில் ஹெட் இருக்கும் உயரத்தில் 38 டிகிரியைத் தாண்டும். 68 டிகிரி ஹெட் வேண்டாம், 93 டிகிரி போடவும். கே 80 மாறாது, கணக்கும் மாறாது. 25 பைப்பை 20 ஆக மாற்றினாலோ, ஒரு ஹெட்டை நகர்த்தினாலோ வேலைக்கு முன்பே எனக்குச் சொல்லவும்.