குன்னூர் டீ ஃபாக்டரி தர மேற்பார்வையாளருடன் முதல் போன் பேச்சு

ரெக்ரூட்டர்: வணக்கம் சார், கோயம்புத்தூர்ல இருந்து பேசறேங்க. அசிஸ்டென்ட் ஃபாக்டரி மேனேஜர் வேலைக்கு பயோடேட்டா அனுப்பியிருந்தீங்க. இப்ப பேசலாங்களா?

விண்ணப்பதாரர்: பேசலாம் மேடம். ஷிஃப்ட் முடிஞ்சு வெளியதான் நிக்கறேன். ட்ரையர் சத்தம் இங்க கேக்காது.

ரெக்ரூட்டர்: நல்லதுங்க. குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு ஆள் எடுக்கறோம். சொந்தத் தோட்டம், இலையை ரோலர்ல உருட்டிப் போடற ஆர்தடாக்ஸும் க்ரீன் டீயும் போடறாங்க. பேரை அடுத்த ரவுண்டுல சொல்றேன். முதல்ல உங்க அனுபவத்தை ஒரு ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க.

விண்ணப்பதாரர்: ஊட்டி அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சேன் மேடம், 2014-ல முடிச்சேன். அந்த வருஷமே கோத்தகிரி பக்கம் ஒரு ஃபாக்டரியில ஜூனியர் சூப்பர்வைசரா சேர்ந்தேன். சிறு விவசாயிங்ககிட்ட பச்சை இலை வாங்கி, மெஷின்ல நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டற சி.டி.சி. முறையில தூள் போடற ஃபாக்டரி. ஆரம்பத்துல முழுக்க நைட் ஷிஃப்ட், இலையைப் பரப்பி வாட்டற விதரிங் ட்ரஃப்தான் என் பொறுப்பு. இலையைக் கையில எடுத்து அழுத்திப் பாத்தே வாட்டம் சொல்ல அங்கதான் கத்துக்கிட்டேன்.

2018-ல இப்ப இருக்கற குன்னூர் ஃபாக்டரிக்கு வந்தேன். தரம் முழுக்க நான் பாக்கறேன். வந்த புதுசுல தூள்ல ஈரம் நாலு, அஞ்சு சதவீதம்னு ஏறி ஏறி இறங்கும். அப்படி மூட்டை கட்டினா கொஞ்ச நாள்ல வாசம் போயிடும், வாங்கறவங்க குறை சொல்லுவாங்க. ட்ரையர் வாயில அரை மணிக்கு ஒருதரம் சாம்பிள் எடுத்து ஈரம் பாக்கற முறையைக் கொண்டுவந்தேன். இப்ப மூணு சதவீதத்தை ஒட்டியே நிக்குது. என் வேலையில எனக்குப் பெருமைன்னா இதுதான். அப்புறம் குன்னூர் ஏலத்துல புரோக்கருங்க ருசி பாத்து எழுதற குறிப்பை, அந்தந்த நாள் ஷிஃப்ட் நோட்டோட வெச்சுப் பாப்பேன். ஃபெர்மென்டிங் எந்த ஷிஃப்ட்ல நேரம் தாண்டிப் போச்சுன்னு அதுல தெரிஞ்சிடும். உணவுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 22000 ஆடிட்டுக்கு ரெக்கார்டு எல்லாம் நானே தயார் பண்ணறேன்.

ரெக்ரூட்டர்: தெளிவா சொன்னீங்க. அப்புறம் ஏங்க மாறணும்னு நினைக்கறீங்க? அங்க ஏதாவது பிரச்சினைங்களா?

விண்ணப்பதாரர்: பிரச்சினை எதுவும் இல்ல மேடம். எனக்கு வேலை கத்துக்கொடுத்த இடம், முதலாளி மரியாதையா நடத்தறார். ஆனா இலை வாங்கிப் போடற ஃபாக்டரியில, இலை கேட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தரத்துல பாதி முடிவாயிடுது. சீசன்ல சாக்குல அடைச்சு, வண்டியில நேரம் ஆகி, சூடேறி வரும். நூறு கிராம் எடுத்துப் பிரிச்சா ரெண்டு இலை ஒரு கொழுந்து பாதிகூட தேறாது. அதுக்காகத் திருப்பி அனுப்பவும் முடியாது. அந்த இலையை நம்பித்தான் ஒரு குடும்பமே இருக்கும். எங்க வீட்டுலயும் கொஞ்சம் தேயிலை இருக்கு, அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பறிக்கற இடத்துல இருந்தே தரத்தைப் பாக்கற வேலை எனக்கு வேணும். சொந்தத் தோட்டம் இருந்தாத்தான் அது நடக்கும்.

ரெக்ரூட்டர்: சம்பளமும் ஒரு காரணமுங்களா?

விண்ணப்பதாரர்: அதுவும்தான் மேடம். இப்ப 38,000 வாங்கறேன், 48,000 எதிர்பாக்கறேன். ஆனா வேற ஒரு சி.டி.சி. ஃபாக்டரி அதே 48,000 குடுத்தா போக மாட்டேன்.

ரெக்ரூட்டர்: ஆர்தடாக்ஸ்ல உங்களுக்கு அனுபவம் இல்லைங்களே?

விண்ணப்பதாரர்: ரோலர் ஓட்டினது இல்ல மேடம். விதரிங் தெரியும், ஆனா அதுலயும் வித்தியாசம் இருக்கு. சி.டி.சி.க்கு இலையில எழுபது சதவீதம் ஈரம் இருக்கறப்பவே மெஷினுக்கு விட்டுடுவோம். ஆர்தடாக்ஸுக்கு அறுபதுக்கும் கீழ கொண்டுபோகணும், ராத்திரி முழுக்க வாட்டணும். பனிக்காலத்துல டிசம்பர், ஜனவரியில வர்ற இலையில இங்க வாசமே தனி. அந்த ஒரு சீசன் மூத்தவங்க யாராவது கூட நின்னு கத்துக்கொடுத்தா பிடிச்சிடுவேன். வந்த அன்னைக்கே எல்லாம் தெரியும்னு சொல்ல மாட்டேன்.

ரெக்ரூட்டர்: நோட்டீஸ் எவ்வளவு நாளுங்க?

விண்ணப்பதாரர்: ரெண்டு மாசம். ஏப்ரல், மே இலை குவியற நேரம், அதுக்கு நடுவுல விட்டுட்டு வர முடியாது. ஜூன் கடைசியில சேரலாம். குடும்பம் குன்னூர்லயேதான் இருக்கு, அதனால வீடு மாத்தற வேலை இல்ல.

ரெக்ரூட்டர்: சரிங்க. உங்களுக்கு ஏதாவது கேக்கணுங்களா?

விண்ணப்பதாரர்: ஒண்ணே ஒண்ணு மேடம். எத்தனை நாளைக்கு ஒருதரம் பறிக்கறதுன்னு அங்க யார் முடிவு பண்ணறாங்க? தோட்டத்து மேனேஜர் மட்டுமா, ஃபாக்டரி ஆளையும் கேப்பாங்களா?

ரெக்ரூட்டர்: அது எனக்குத் தெரியலைங்க, கேட்டு வாட்ஸ்அப்ல போடறேன். அடுத்தது ஃபாக்டரி மேனேஜர் நேர்ல பாப்பார், ருசி பாக்கற டெஸ்ட்டும் இருக்கும். செவ்வாய்க்கிழமை வர முடியுங்களா?

விண்ணப்பதாரர்: அன்னைக்கு ஏலத்துக்கு சாம்பிள் அனுப்பணும் மேடம், நான் இல்லாம ஆகாது. புதன்கிழமை காலையில ஒன்பது மணிக்கு மேல எப்ப வேணாலும் வர்றேன்.

ரெக்ரூட்டர்: புதன் பத்து மணின்னு போட்டுக்கறேங்க. இடத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்.

விண்ணப்பதாரர்: சரிங்க மேடம், ரொம்ப நன்றி.