மின்காப்பு நுழைத்த மின்தேக்கிக் கணக்கு: விளக்கம் கேட்டு இயற்பியல் ஆசிரியைக்குக் கடிதம்

அனுப்புநர்
கி. கவின்மலர்,
பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு.

பெறுநர்
இயற்பியல் ஆசிரியை அவர்கள்,
மேல்நிலைப் பிரிவு.

நாள்: 11.02.2025
இடம்: மன்னார்குடி

பொருள்: நிலைமின்னியல் திருப்புதல் வினாத்தொகுப்பு, மூன்று மதிப்பெண் பகுதி, 17ஆம் வினாவில் தெளிவு வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். செய்முறைத் தேர்வு வேலைகளுக்கு நடுவில் இதை அனுப்புவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். வகுப்பில் தந்த வினாத்தொகுப்பைத் திருப்பிப் பார்க்கையில் 17ஆம் வினாவை இரண்டு விதமாகப் பொருள்கொள்ள முடிகிறது. இரண்டுக்கும் விடை வேறு. எதை எடுத்துக்கொள்வது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

வினா அச்சில் இருக்கிறபடியே:

"200 பிக்கோ ஃபாரட் மின்தேக்குத்திறன் கொண்ட காற்று நிரம்பிய இணைத்தட்டு மின்தேக்கி 100 வோல்ட் மின்கலனால் மின்னேற்றம் செய்யப்படுகிறது. பிறகு தட்டுகளுக்கு இடையே மின்காப்பு மாறிலி 5 உடைய பொருள் முழுமையாக நிரப்பப்படுகிறது. தேக்கப்பட்ட ஆற்றலில் ஏற்படும் மாற்றத்தைக் கணக்கிடுக."

மின்காப்பை நுழைக்கும்போது மின்கலன் இணைப்பில் இருந்ததா, கழற்றப்பட்டதா என்பது வினாவில் இல்லை. மின்னேற்றம் முடிந்தது என்று மட்டும் 'பிறகு' சொல்கிறது. கம்பியைக் கழற்றியதாக அதற்குப் பொருள் இல்லை. ஆங்கில வடிவத்தையும் படித்தேன். அதிலும் இந்தத் தகவல் இல்லை, எனவே மொழிபெயர்ப்பில் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. பாடநூலில் மைக்காவை வெளியே எடுக்கும் கணக்கில், மின்கலன் துண்டிக்கப்பட்ட பின் எடுப்பதாகத் தெளிவாகக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அங்கே இந்தக் குழப்பம் வரவில்லை.

இரண்டு வழியிலும் செய்து பார்த்தேன். தொடக்க நிலை இரண்டுக்கும் ஒன்றே:

```
Q = CV = 200 × 10⁻¹² × 100 = 2 × 10⁻⁸ C
U = ½CV² = ½ × 200 × 10⁻¹² × 100² = 1 × 10⁻⁶ J
C' = 5 × 200 × 10⁻¹² = 1 × 10⁻⁹ F
```

மின்கலனைத் துண்டித்த பின் நுழைத்தால் மின்னூட்டம் போக வழியில்லை, Q மாறாது. மின்தேக்குத்திறன் ஐந்து மடங்காவதால் மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிறது.

```
V' = Q/C' = 20 V
U' = ½C'V'² = 0.2 × 10⁻⁶ J
U' − U = −0.8 × 10⁻⁶ J
```

ஆற்றல் குறைகிறது. குறைந்த அளவு, மின்காப்பைத் தட்டுகளுக்குள் இழுக்கும் வேலையாகச் செலவாகிறது.

இணைப்பிலேயே வைத்து நுழைத்தால் மின்னழுத்தம் 100 வோல்ட்டாகவே நிற்கும். மின்கலன் கூடுதல் மின்னூட்டத்தை அனுப்பும்.

```
Q' = C'V = 1 × 10⁻⁷ C
U' = ½C'V² = 5 × 10⁻⁶ J
U' − U = +4 × 10⁻⁶ J
```

இந்த வழியை ஒருமுறை சரிபார்க்க, மின்கலன் செய்த வேலையையும் கணக்கிட்டேன். கூடுதல் மின்னூட்டம் 8 × 10⁻⁸ C, அதை 100 V ஆல் பெருக்கினால் 8 × 10⁻⁶ J. அதில் பாதி மின்தேக்கியில் தேங்குகிறது; மீதிப் பாதி மின்காப்பை உள்ளே இழுப்பதற்கும் கம்பிகளில் வெப்பமாகவும் போகிறது. கணக்கு ஒத்துவருகிறது.

ஆக, ஒரு வழியில் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது, மற்றதில் ஐந்து மடங்காகக் கூடுகிறது. எண் மட்டுமல்ல, குறியே மாறிவிடுகிறது என்பதால்தான் ஏதோ ஒன்றை ஊகித்து எழுத மனம் வரவில்லை.

தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் இதற்கு விடை 4 × 10⁻⁶ J என்று இருக்கிறது. அது 'இணைப்பில்' என்ற பொருளுக்குப் பொருந்துகிறது. அச்சுப்பிழையாக இருக்குமோ என்றும் பார்த்தேன், 0.8 என்பது 4 ஆக மாற ஒரு புள்ளியோ ஓர் இலக்கமோ இடம் மாறினால் போதாது. ஆனால் அதே தொகுப்பின் ஒரு மதிப்பெண் பகுதி, 6ஆம் வினா இப்படி இருக்கிறது: "மின்னேற்றப்பட்ட மின்தேக்கியின் தட்டுகளுக்கு இடையே மின்காப்பு நுழைக்கப்படும்போது மின்னழுத்த வேறுபாடு." அதற்குக் கொடுத்த விடை 'குறையும்'. மின்கலன் கழற்றப்பட்டிருந்தால்தான் அது சரி. அங்கும் கழற்றியதாகச் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரே சொற்களை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் கொள்ள வேண்டியிருப்பதால், விடைப்பக்கத்தை வைத்து மட்டும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

17ஆம் வினாவின் அருகில் ஒரு சிறு படமும் இருக்கிறது. இரு தட்டுகள், நடுவில் பாதி நுழைந்த மின்காப்பு, தட்டுகளிலிருந்து மேலே போகும் இரண்டு கம்பிகள். ஜெராக்ஸ் எடுத்ததில் மேல் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. கம்பிகள் மின்கலனில் போய் முடிகின்றனவா, நடுவில் திறந்த சாவி இருக்கிறதா என்று தெரியவில்லை. தங்களிடம் உள்ள மூலத்தாளில் அந்தப் படம் முழுதாக இருந்தால், அதை ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். ஒருவேளை வினாவை எழுதியவர் அந்தத் தகவலைப் படத்தில்தான் வைத்திருக்கக்கூடும்.

நான் அறிய விரும்புவது முதலில் இது: 17ஆம் வினாவில் மின்கலன் இணைப்பில் இருப்பதாகவே கொள்ள வேண்டுமா?

அடுத்தது, தேர்வறைக்காக. இப்படி ஒரு வினா பொதுத்தேர்வில் வந்துவிட்டால், விடையின் முதல் வரியில் "மின்கலன் துண்டிக்கப்படவில்லை எனக் கொண்டு" என்று எடுகோளை எழுதிவிட்டு ஒரு வழியில் மட்டும் செய்யலாமா? அல்லது இரண்டு வழியையும் சுருக்கமாகக் காட்டுவது பாதுகாப்பானதா? தொடக்க ஆற்றலும் புதிய மின்தேக்குத்திறனும் பொதுவானவை என்பதால், இரண்டாவது வழிக்குக் கூடுதலாக மூன்று வரிதான் ஆகும். ஆனாலும் இறுதியில் இரண்டு விடைகள் நிற்கும். விடைத்தாள் திருத்துபவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது தங்களுக்குத்தான் தெரியும். 'மாற்றம்' என்று கேட்கும்போது குறைவுக்குக் கழித்தல் குறி போட வேண்டுமா, அல்லது 'குறைகிறது' என்று எழுதினால் போதுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாங்கள் விரிவாக எழுத வேண்டியதில்லை அம்மா. இத்துடன் வைத்துள்ள தாளின் அடியில் 'இணைப்பில்' அல்லது 'துண்டித்து' என்று ஒரு சொல் குறித்துத் தந்தாலே போதும். மற்றவற்றைத் தங்களுக்கு வசதியான பாடவேளையில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் எல்லோரிடமும் இதே தொகுப்புதான் இருக்கிறது. தாங்கள் ஒப்புக்கொண்டால், "மின்கலன் இணைப்பில் இருக்கும்போதே" என்றோ "மின்கலன் துண்டிக்கப்பட்ட பிறகு" என்றோ தாங்கள் சொல்லும் திருத்தத்தைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்கிறேன். அவரவர் தாளில் குறித்துக்கொள்வார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
கி. கவின்மலர்

இணைப்பு: 17ஆம் வினா உள்ள பக்கத்தின் நகல், இரு வழிக் கணக்கீடும் எழுதிய தாள் ஒன்று.