சோலார் நீர்ப்பம்பி: சொன்ன விலையும் கொட்டேசனில் வந்த விலையும் தொடர்பான முறைப்பாடு

பாடசாலை வீதி,
விசுவமடு,
முல்லைத்தீவு மாவட்டம்.
17.03.2025

பதிவுத் தபால்

முகாமையாளர் அவர்கள்,
சோலார் நீர்ப்பம்பி விற்பனை நிலையம்,
ஏ9 வீதி,
கிளிநொச்சி.

ஐயா,

12.03.2025 திகதியிட்ட கொட்டேசனில் உள்ள 665,520 ரூபாய் பற்றியது

உங்கள் நிலையத்தில் 2 குதிரைவலு சோலார் நீர்ப்பம்பித் தொகுதி ஒன்றுக்கு 22.02.2025 அன்று 25,000 ரூபாய் முற்பணம் கட்டியவள் நான். எல்லாம் சேர்த்து 485,000 ரூபாய் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்ன விலையை நம்பித்தான் அந்தக் காசைக் கட்டினேன். கடந்த வாரம் எனக்குக் கிடைத்த கொட்டேசனில் மொத்தம் 665,520 ரூபாய் என்று இருக்கிறது. வித்தியாசம் 180,520 ரூபாய். இதைத் தொலைபேசியில் பேசித் தீர்க்க முடியாமல் போனதால் எழுத்தில் தருகிறேன்.

நடந்ததை முதலில் சொல்கிறேன். பெப்ரவரி 20ஆம் திகதி எங்கள் பகுதியில் நடந்த செயல்முறை விளக்கத்தில் உங்கள் பிரதிநிதி பம்பியை இயக்கிக் காட்டினார். அதன் பிறகு எங்கள் காணிக்கும் வந்தார். நூலில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி ஆழம் பார்த்தார். 26 அடி என்று குறித்துக்கொண்டார். பனையின் நிழல் விழாத இடமாகத் தேடி, பனல் நிற்க வேண்டிய இடத்தில் தானே ஒரு தடியை ஊன்றினார். அந்தத் தடியிலிருந்து கிணற்றுக் கட்டு வரைக்கும் ரேப் பிடித்து அளந்தார். எத்தனை மீட்டர் கேபிள் போகும், ஸ்டாண்ட் எவ்வளவு உயரம் வர வேண்டும், லொறி எந்தப் பக்கத்தால் வரலாம் என்பதெல்லாம் அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் விலை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, நாலு எண்பத்தைஞ்சு. இதில சேராதது எண்டு ஒண்டும் இல்லை. பம்பி, நாலு பனல், கொன்ரோலர், ஸ்டாண்ட், வயர், ஏத்திக் கொண்டு வாறது, பூட்டித் தாறது எல்லாம் எங்கட பொறுப்பு. தண்ணி வாய்க்காலில ஓடினாப் பிறகு மிச்சத்தைத் தாங்கோ." வரியும் சேர்ந்ததா என்று என் தம்பி கேட்டார். "எல்லாம் சேர்த்துத்தான் அண்ணை" என்றார். பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர் அப்போது அங்கே நின்றார்கள். உங்கள் விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் 485,000 என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, '550 × 4' என்றும் எழுதித் தந்தார். கையெழுத்து இல்லை, ஆனால் எழுத்து அவருடையது. அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போட்டோப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இனி உங்கள் கொட்டேசனைப் பார்ப்போம். முதல் வரியில் பம்பி, பனல், கொன்ரோலர் மூன்றுக்கும் 485,000 ரூபாய். அதன் கீழே ஸ்டாண்ட் 38,000, கேபிளும் பொருத்துகளும் 16,500, போக்குவரத்து 9,500, பொருத்தும் கூலி 15,000. கூட்டினால் 564,000. அதற்கு மேல் 18 வீதம் வற் 101,520. ஆக 665,520.

மார்ச் 13ஆம் திகதி தொலைபேசியில் கேட்டபோது, கொம்பனி விலை கூட்டிவிட்டது, அன்றைக்குச் சொன்ன விலைக்கு இப்போது தர முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. விலை கூடியிருந்தால் முதல் வரியில் இருக்கும் தொகை அல்லவா கூடியிருக்க வேண்டும்? அது பெப்ரவரியில் சொன்ன அதே 485,000 ஆகவே நிற்கிறது. கூடியது பொருளின் விலை இல்லை. அன்றைக்கு அந்த விலைக்குள்ளே இருந்த ஸ்டாண்டையும் வயரையும் லொறியையும் கூலியையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு போட்டிருக்கிறீர்கள். ஸ்டாண்ட் இல்லாமல் பனலை எங்கே வைப்பது? வயர் இல்லாமல் பம்பி எப்படி ஓடும்? இவை வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாவிட்டால் விடலாம் என்கிற சாமான்கள் இல்லை.

வற் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரிதான் அதை அறவிடலாம். உங்கள் கொட்டேசனின் மேலேயும் கீழேயும் தேடிப் பார்த்தேன், வற் பதிவு இலக்கம் எங்கும் இல்லை. முற்பணத்துக்குத் தந்த பற்றுச்சீட்டிலும் இல்லை. பதிவு இருந்தால் இலக்கத்தோடு தாருங்கள். இல்லையென்றால் 101,520 ரூபாயை என்னிடம் எந்த அடிப்படையில் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். பதிவு இருந்தாலும், வரி சேர்த்த விலை என்று உங்கள் ஆள் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது.

விலையை விட என்னை அதிகம் வருத்திய விடயம் இன்னொன்று. தாளில் எழுதித் தந்தது 550 வோட்ஸ் பனல் நாலு, அதாவது 2,200 வோட்ஸ். கொட்டேசனில் இருப்பது 450 வோட்ஸ் பனல் நாலு, 1,800 வோட்ஸ்தான். 2 குதிரைவலு என்றால் ஏறக்குறைய 1,500 வோட்ஸ். பனல் தன் முழு வலுவைத் தருவது நல்ல வெயில் நேராக விழும்போது மட்டும். காலையிலும் பின்னேரத்திலும், தூசி படிந்தாலும், சூடு ஏறினாலும் குறையும். அதனால்தான் பம்பிக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகப் பனல் போட வேண்டும் என்று விளக்க நாளில் உங்கள் பிரதிநிதியே எங்களுக்குப் படிப்பித்தார். இப்போது 400 வோட்ஸ் குறைத்து, விலையை ஒன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் கூட்டியிருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒரு சொல்லும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொட்டேசனை வரி வரியாக வாசித்ததால்தான் கண்டேன்.

இந்த வித்தியாசம் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். அரசாங்கம் இந்த வருடம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபாய். 180,520 ரூபாய்க்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோ நெல் விற்க வேண்டும். எங்களுடையது ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி. கச்சானும் மிளகாயும்தான் வைக்கிறோம். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, கிணற்றில் தண்ணீர் கிடக்கக் கிடக்க மிளகாய்க் கன்று காய்ந்ததைப் பார்த்த பிறகுதான் எப்படியாவது சோலாருக்கு மாற வேண்டும் என்று முடிவெடுத்தோம். அதற்காகச் சேர்த்த காசும் வங்கிக் கடனும் 485,000ஐ வைத்துப் போட்ட கணக்கு. வங்கி 400,000 ரூபாய் கடனுக்குச் சம்மதித்திருக்கிறது, மிகுதி 85,000 எங்கள் கைக்காசு. அதில் 25,000 ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இந்தக் கொட்டேசனை வங்கிக்குக் கொண்டுபோனால் மிச்சக் காசை எங்கிருந்து காட்டுவீர்கள் என்று கேட்பார்கள். கொட்டேசன் கொடுக்க வங்கி தந்த கடைசித் திகதி மார்ச் 31. அது தவறினால் சிறுபோகப் பயிருக்கு இந்தப் பம்பி உதவாது.

தொலைபேசியில் கடைசியாக எனக்குக் கிடைத்த பதில், "வாயால சொன்னதை வைச்சு நாங்கள் ஒண்டும் செய்யேலாது" என்பது. எங்கள் பக்கத்தில் காணி உழவு, அருவி வெட்டு, நெல் கொள்வனவு எல்லாம் வாயால் பேசித்தான் நடக்கிறது. பேசின விலையை யாரும் மாற்றுவதில்லை. உங்கள் நிலையத்தின் பெயர் போட்ட சேட்டோடு, உங்கள் நிலையத்தின் வாகனத்தில் வந்து விலை சொன்னவருடைய சொல் உங்கள் சொல். அவர் பிழையாகச் சொல்லியிருந்தால், அதை அவரோடு பேசித் தீர்க்க வேண்டியது நீங்கள். அவர் நல்ல பிள்ளை. காணியில் நின்று பொறுமையாக எல்லாம் விளங்கப்படுத்தினார். அவரைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கம் இல்லை, அவருடைய வேலைக்குப் பாதகம் வருவதையும் நான் விரும்பவில்லை.

நான் கேட்பது இதுதான். 550 வோட்ஸ் பனல் நாலோடு, ஸ்டாண்ட், கேபிள், போக்குவரத்து, பொருத்துதல், வரி அனைத்தும் உட்பட 485,000 ரூபாய் என்று புதிய கொட்டேசன் ஒன்றை, உங்கள் முத்திரையும் கையெழுத்தும் வைத்து, மார்ச் 26ஆம் திகதிக்கு முன் எனக்குத் தாருங்கள். கட்டிய 25,000 ரூபாயை அதில் கழித்துக் காட்டுங்கள். பம்பிக்கும் கொன்ரோலருக்கும் எத்தனை வருட உத்தரவாதம் என்பதும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். விளக்க நாளில் பம்பிக்கு இரண்டு வருடம் என்றார்கள், கொட்டேசனில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

அப்படித் தர உங்களால் முடியாவிட்டால், என் முற்பணம் 25,000 ரூபாயையும் எந்தக் கழிவும் இல்லாமல் அதே திகதிக்குள் திருப்பித் தாருங்கள். முற்பணம் திருப்பித் தரப்படாது என்று பற்றுச்சீட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. காசு கைக்கு வந்தால் வேறு இடத்தில் பார்க்க எனக்கு இன்னும் சில நாட்கள் மிஞ்சும். ஆகவே இரண்டில் எதுவானாலும் பிந்தாமல் சொல்லுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதமாக நடப்பதைத் தடை செய்கிறது. எல்லாம் சேர்ந்த விலை என்று சொல்லி முற்பணம் வாங்கிவிட்டு, பிறகு கூறு கூறாகக் கூட்டுவது அதற்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். மார்ச் 26க்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் அதிகாரசபையின் கிளிநொச்சி மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடாகக் கையளிப்பேன். அதுவரை பிரதி யாருக்கும் அனுப்பவில்லை. உங்களோடு நேராக முடிய வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கள் ஒழுங்கையில் இன்னும் மூன்று குடும்பம் இதே பம்பியை வாங்கலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நேரில் பேச விரும்பினால் எந்த நாளும் கிளிநொச்சிக்கு வரத் தயாராக இருக்கிறேன். விலை சொன்ன தம்பியும் அன்று அங்கே இருக்க ஒழுங்கு செய்யுங்கள். என் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,

சி. பத்மராணி

இணைப்பு: விளம்பரத் தாளின் பின்பக்கப் பிரதி, 22.02.2025 திகதியிட்ட முற்பணப் பற்றுச்சீட்டின் பிரதி, 12.03.2025 திகதியிட்ட கொட்டேசனின் பிரதி