சிகிச்சை இலவசம், போய்வரும் வழி? – நன்கொடையாளர் கூட்டத்துக்கான ஸ்லைடுகளும் பேச்சும்

(கள்ளக்குறிச்சி, ஆகஸ்ட் 2025. பேசுபவர்: நிர்வாக அறங்காவலர்)

ஸ்லைடு 1: வாரம் 3 நாள். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். ஆயுள் முழுக்க.

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் வாரம் மூன்று முறை வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறும். அது ஏறினால் இதயமே நின்றுபோகலாம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கணவரை நான்கு வருடம் அழைத்துப் போய்வந்தேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம். அரசு செய்யும் பெரிய காரியம் இது. ஆனால் மெஷின் இருக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டுமே. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிராமத்திலிருந்து பஸ் இல்லை. திரும்பும்போது தலைசுற்றலோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது, ஆட்டோதான் பிடிக்க வேண்டும். கூட வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். நூறு நாள் வேலையில் 2025–26இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். வாரம் மூன்று நாள் அதை இழந்துவிட்டு ஆட்டோவுக்கும் கொடுக்க வேண்டுமென்றால், என்ன நடக்கும்? "இன்னைக்கு உடம்பு பரவாயில்லை, நாளைக்குப் போய்க்கலாம்" என்பார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. அதனால்தான் எங்கள் அறக்கட்டளை அவர்களை வேனில் அழைத்துப் போய்வருகிறது.

ஸ்லைடு 2: இந்தத் திரையில் நோயாளி முகம் வராது

நன்கொடை கேட்கும் இடத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரின் படத்தைக் காட்டுவது வழக்கம். நாங்கள் காட்ட மாட்டோம். இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். வேனில் ஏறினார் என்பதற்காக அவர் முகத்தை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதில் எங்கள் பயண நோட்டைக் காட்டுகிறோம்.

ஸ்லைடு 3: 2024–25இல் 38 பேர், 5,214 முறை போய்வந்தார்கள். தவறியது 61.

எங்களிடம் இரண்டு வேன். நாளுக்கு நான்கு நடை. புதிதாக ஒருவர் சேரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்போம்: போன மாதம் எத்தனை முறை தவறியது? சேர்ந்தவர்கள் சொன்ன சராசரி, மாதம் 13 முறையில் 4. வேனில் வர ஆரம்பித்த பிறகு, வண்டி கிடைக்காததால் தவறியது ஆண்டு முழுக்க, எல்லோருக்கும் சேர்த்து 61. அதிலும் 23 ஃபெஞ்சல் புயல் அடித்த வாரத்தில். தென்பெண்ணையில் வெள்ளம், சாலைகள் முழுகிக் கிடந்தன. மீதி 38 எங்கள் பொறுப்பு. வண்டி பழுது, டிரைவர் வராதது. அவற்றுக்குக் காரணம் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 38 பேரில் ஏழு பேர் இன்று இல்லை. இரண்டு பேருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. நாங்கள் உயிரைக் காப்பாற்றினோம் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. உயிரைக் காப்பது டாக்டர்களும் நர்ஸம்மாக்களும். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. அதற்குத்தான் கணக்கு வைக்கிறோம்.

ஸ்லைடு 4: ஒருவர் ஒருமுறை போய்வர 492 ரூபாய்

டீசல் 7,90,000. நான்கு டிரைவர்கள் சம்பளம் 7,68,000. டயர், இன்சூரன்ஸ், பழுது 2,95,000. நோயாளிக்கும் கூட வருபவருக்கும் சாப்பாடு 5,21,400. அலுவலகமும் ஆடிட்டரும் 1,90,000. மொத்தம் 25,64,400 ரூபாய்.

நூறு ரூபாயில் ஏழு ரூபாய் நாற்பது காசு அலுவலகத்துக்குப் போகிறது. அதைப் பூஜ்யம் என்று சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கணக்கு எழுதும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்காமல் கணக்கு ஒழுங்காக இருக்காது. அறங்காவலர்கள் ஐந்து பேரும் ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை, பெட்ரோல் செலவு உட்பட.

ஸ்லைடு 5: போன வருடம் சொன்னோம், செய்யவில்லை

இதே மண்டபத்தில் போன வருடம் இரவு நடை ஒன்று ஓட்டுவோம் என்று சொல்லி, அதற்கென்று 3,20,000 ரூபாய் வாங்கினோம். ஐந்து மாதம் ஓடியது. இரவில் ஓட்ட டிரைவர் நிலைக்கவில்லை. இருந்த டிரைவர்களையே பகலும் இரவும் ஓட்டச் சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் கையில் நோயாளிகளை ஒப்படைக்க மனம் வரவில்லை. நிறுத்திவிட்டோம். செலவானது 1,34,000. மீதி 1,86,000 தனியாக வைப்பில் இருக்கிறது, வேறு எதற்கும் தொடவில்லை. இரவு நடைக்குக் கொடுத்தவர்களுக்குக் கடிதம் அனுப்பினோம்: திருப்பி வேண்டுமா, வேறு வேலைக்கு மாற்றலாமா என்று. இன்னும் பதில் எழுதாதவர்கள் இன்றைக்கு என்னிடம் சொன்னால் போதும்.

ஸ்லைடு 6: இன்று கேட்பது – மூன்றாவது வேன்

காத்திருப்போர் பட்டியலில் 11 பேர். எல்லோரும் கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் இருப்பவர்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொண்டுவந்து தருகிறார்கள், உண்மைதான். ஆனால் எல்லா உடம்புக்கும் அது பொருந்தாது. இந்த 11 பேரும் மெஷினுக்குத்தான் வர வேண்டும்.

வேன் 18 லட்சம். முதல் வருட ஓட்டச் செலவு 12 லட்சம். ஆக 30 லட்சம். மலைச்சாலை, தூரம் அதிகம். அதனால் இந்த வேனில் ஒருமுறை போய்வர 492 போதாது, கிட்டத்தட்ட 700 ஆகும். பழைய கணக்கைக் காட்டிப் புதிய செலவைக் குறைத்துச் சொல்லக் கூடாது இல்லையா?

முழு வேனையும் யாரும் ஒருவரே தர வேண்டாம். ஒரு நோயாளிக்கு மாதம் 13 முறை, 9,100 ரூபாய். அப்பாவின் திதி நாளில் எல்லோருக்கும் ஒரு நாள் சாப்பாடு என்று கொடுப்பவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அதுவும் எங்களுக்குப் பெரிதுதான்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வேன் வாங்கும் காசு டிசம்பருக்குள் சேராவிட்டால், அதற்காகக் கொடுத்தவர்களுக்கு அப்படியே திருப்பிவிடுவோம். இதை ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோம்.

ஸ்லைடு 7: ரசீது, வரி

80ஜி பதிவு இருக்கிறது. கொடுத்த தொகையில் பாதிக்கு வரிவிலக்கு உண்டு, உங்கள் வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்புக்கு உட்பட்டு. ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு வராது; செக்கோ வங்கிப் பரிமாற்றமோ செய்யுங்கள். பான் எண் தர மறக்க வேண்டாம். மே 31க்குள் 10பிஇ சான்றிதழ் வந்து சேரும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் தாராளமாக அனுப்பலாம். குடியுரிமை மாறியவர்களிடம் வாங்க எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை. மனசு கஷ்டமாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்லைடு 8: கேள்விகள்

எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறேன். கணக்குப் புத்தகமும் ஆடிட் அறிக்கையும் இந்த மேஜையில் இருக்கின்றன. ஒன்றாம் நம்பர் வேன் மண்டப வாசலில் நிற்கிறது. பயண நோட்டு முன் சீட்டில் இருக்கிறது, டிரைவர் தம்பியும் அங்கேயே இருக்கிறார். நோட்டில் பேர் கிடையாது, வரிசை எண் மட்டும்தான். எந்தத் தேதியை வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். மத்தியான நடைக்கு ஒன்றரை மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும், அதற்குள் பார்த்துவிடுங்கள்.