ரைட் டைம்

9 ஜூலை 2018, திங்கள். மாஸ்கோ

யாரோஸ்லாவ்ஸ்கி ஸ்டேஷனிலிருந்து ராத்திரி வண்டி. நிமிஷம் பிசகாமல் கிளம்பியது. குலுக்கல் இல்லை, இழுப்பு இல்லை, பிளாட்பாரம்தான் பின்னால் நகர்கிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. டிரைவருக்கு மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். முப்பத்தெட்டு வருஷம் விழுப்புரத்தில் கார்டாக இருந்து ரிடையரானவன் இதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடியாது. டைரியும் பழைய ரஃப் ஜர்னல் மாதிரிதான் வரும் போலிருக்கிறது: வந்த நேரம், போன நேரம், லேட் ஆனால் காரணம்.

விளாதிவஸ்தோக் வரை 9,288 கிலோமீட்டர், இந்த வண்டிக்கு கிட்டத்தட்ட ஏழு நாள். வீட்டில் கூப்பிட்டேன், வரவில்லை. "முப்பத்தெட்டு வருஷம் நீங்க ரயில்ல போனதை வாசல்ல நின்னு பார்த்தாச்சு, இன்னும் ஏழு நாள் பார்த்துடறேன்" என்றாள். ஒரே ஒரு கண்டிஷன். தினமும் நம்ம நேரம் எட்டரைக்கு, சீரியல் முடிந்ததும், போன் பண்ண வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

அதனால் கையிலிருக்கும் எச்எம்டி வாட்சை இந்திய நேரத்திலேயே விட்டிருக்கிறேன். தொட மாட்டேன்.

10 ஜூலை. கீரவ் தாண்டி

இந்த ஊர் ரயில்வேயில் ஒரு விசேஷம். டிக்கெட், ஸ்டேஷன் கடிகாரம், பெட்டி நடைபாதையில் ஒட்டியிருக்கும் அட்டவணை எல்லாமே மாஸ்கோ நேரம். ஏழு மணி நேரம் தள்ளி இருக்கிற விளாதிவஸ்தோக்கிலும் ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் மாஸ்கோ நேரம்தானாம். வெளியே ஊர் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது உள்ளே கடிகாரம் மதியம் ஒன்று காட்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ரயிலுக்கு ஒரே நேரம், ஊர்க்காரன் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நம் ஊரிலும் இப்படித்தான் இருந்தது. 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னால், பம்பாய்க்காரனும் கல்கத்தாக்காரனும் தனித்தனி கடிகாரம் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், ரயில் ஓடியது மெட்ராஸ் டைமில்.

ஆனால் செல்போனுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. மத்தியானம் ஒரு மணி நேரம் தாவியது, பெர்ம் வருவதற்குள் இன்னொரு மணி நேரம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் காணாமல் போய்விட்டது. ஜர்னலில் எந்தக் காலத்தில் எழுதுவது?

கூபேயில் நாலு பெர்த். கீழே எனக்கு எதிரே ஒரு பாட்டி, சீத்தா போகிறாள். மேலே விடுமுறை முடிந்து ஹபரோவ்ஸ்க் திரும்பும் ஒரு சிப்பாய்ப் பையன், பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் வைத்திருக்கிறான். சனிக்கிழமை குரோஷியாவிடம் ரஷ்யா பெனால்டியில் தோற்றதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றான். அவன் தட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாலாவது பெர்த்துக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது.

11 ஜூலை. உரால் இந்தப் பக்கம்

பாட்டியின் ரகசியம் இன்று பிடிபட்டது. மாஸ்கோவில் ஏறிய நிமிஷமே அவள் கடிகாரத்தைச் சீத்தா நேரத்துக்கு வைத்துவிட்டிருக்கிறாள். ஆறு மணி நேரம் முன்னால் வாழ்கிறாள். நாங்கள் தூங்க ஆரம்பிக்கும்போது எழுந்து, முட்டை உரித்து, பெட்டிக் கோடியில் இருக்கும் வெந்நீர் பாய்லரில் தண்ணீர் பிடித்து, டீ போட்டுக்கொண்டு, ஜன்னலில் இருட்டைப் பார்த்தபடி காலை உணவு சாப்பிடுகிறாள். பையன் மாஸ்கோ நேரம். வெளியே சூரியன் உச்சிக்கு வந்த பிறகும் போர்வையை விலக்க மாட்டான். நான் விழுப்புரம். ஒரே கூபேயில் ஒருத்தி குட் மார்னிங் சொன்னால் ஒருத்தன் குட் நைட் சொல்கிறான்.

யெகாத்தரின்பர்க் நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். சாயங்காலம் வந்த ஓம்ஸ்க் நம்மைவிட அரை மணி முன்னால். ஆக நடுவில் எங்கோ ஓரிடத்தில் நம்ம நேரத்தைத் தாண்டி வந்திருக்கிறேன். ஆனால் அந்த நேரம் வைத்திருக்கிற ஊர் ஒன்றுகூட இந்தத் தடத்தில் இல்லை. எல்லாம் முழு மணிக் கணக்கு, நாம்தான் அரை மணியை வால் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறோம். சிரிப்பு வந்தது. வீட்டில் சொன்னேன், "அரை மணி அங்க இங்க இருந்தா என்ன குடி முழுகிடும்?" என்றாள்.

12 ஜூலை. நொவோசிபிர்ஸ்க், பிறகு க்ராஸ்நயார்ஸ்க்

ஸ்டெப்பி, பிர்ச் மரம், ஸ்டெப்பி, பிர்ச் மரம். எழுத ஒன்றும் இல்லை.

எங்கள் பெட்டியின் கண்டக்டரம்மா பன்னிரண்டு மணி நேர டூட்டி பார்க்கிறார், இன்னொருத்தர் மாற்றிவிடுகிறார். நான் அட்டவணை முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, சின்ன முள்ளைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார். பெரிய முள்ளைத் தட்டி, இதை மட்டும் பார் என்றார். நல்ல யோசனைதான்! மணி ஊருக்கு ஊர் மாறும், நிமிஷம் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. வண்டி 50-க்குப் புறப்படும் என்றால் பெரிய முள் 50-க்கு வருவதற்குள் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே போடப் போகிறார்கள் என்று பையன் மொழிபெயர்த்தான். அதற்கு கண்டக்டரம்மா தோளைக் குலுக்கினார். டூட்டி அதே பன்னிரண்டு மணி நேரம்தானே.

13 ஜூலை, வெள்ளி. ஸிமா

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் ஜர்னலில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

ஸிமா என்றால் குளிர்காலம் என்று அர்த்தமாம், வெளியே வியர்த்து ஊற்றுகிறது. அட்டவணைப்படி 8.25 வருகை, 8.50 புறப்பாடு, மாஸ்கோ நேரம். சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். வண்டி நின்ற அதிர்வில் விழித்து, போன் நடைபாதையில் சார்ஜில் கிடந்ததால் வாட்சைப் பார்த்தேன். பெரிய முள் 55-ல் இருந்தது. அப்படியென்றால் இப்போது 7.55, வண்டி அரை மணி பிஃபோர் டைம்! இவ்வளவு தூரத்தில் அரை மணி மிச்சம் பிடித்திருக்கிறானே என்று டிரைவருக்கு இன்னொரு சபாஷ். பிஃபோர் டைமில் வந்த வண்டி என்ன செய்யும்? ரைட் டைம் வரை நிற்கும். நம் ஊர் என்றால் உள்ளேயே விடாமல் அவுட்டரில் போட்டிருப்பார்கள். எனக்குத் தெரியாத ரயில்வேயா? பனியனோடு இறங்கினேன்.

உருளைக்கிழங்கு வைத்த பன் இரண்டு வாங்கினேன். பிளாட்பாரக் கோடி பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவன் நீளக் காம்பு போட்ட சுத்தியலால் பெட்டி பெட்டியாகக் குனிந்து தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தேன். விழுப்புரத்தில் கேட்ட அதே 'ணங்'. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போகும், அதற்குக் காது பழக வேண்டும். இரண்டாவது பன்னைக் கடிக்கும்போது நிமிர்ந்தால் எங்கள் கண்டக்டரம்மா வாசலில் சுருட்டிய மஞ்சள் கொடியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வாட்சில் பெரிய முள் 20. இன்னும் அரை மணி இருக்கிறதே, இந்த அம்மா எதற்கு இப்போதே கொடி காட்டுகிறார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. அதே குலுங்காத நகர்வு.

ஓடினேன். அறுபத்து மூன்று வயசில், ரப்பர் செருப்பில், ஒரு கையில் பன்னோடு. முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஓடிவந்த எத்தனை பேரை பிரேக் வேனில் நின்று பார்த்திருக்கிறேன், எத்தனை பேரைப் பார்த்தும் பச்சைக் கொடியை இறக்காமல் இருந்திருக்கிறேன். கண்டக்டரம்மா கத்தினார். கடைசியில் பக்கத்துப் பெட்டி வாசலில் நின்ற சிப்பாய்ப் பையன்தான் பனியனைப் பிடித்து உள்ளே இழுத்தான். பனியன் கிழிந்தது. செருப்பு ஒன்று ஸிமாவில் இருக்கிறது.

அரை மணி வால்! எல்லோருடைய நிமிஷமும் ஒன்று, என்னுடையது மட்டும் முப்பது தள்ளி. முந்தாநாள் நானே எழுதிச் சிரித்தது, மேலே இருக்கிறது. கண்டக்டரம்மா என் வாட்சையும் தன் வாட்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். பையன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். பாட்டி எதுவும் கேட்காமல் ஊசி நூல் எடுத்து பனியனைத் தைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் பைக்கால் ஏரி. தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் சில இடங்களில் பத்தடிகூட இல்லை. கோடை வெளிச்சம் போக மனசில்லாமல் கிடந்தது, புகைபோட்ட மீன் வாசனை பெட்டி முழுக்க. நான் ஒற்றைச் செருப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு போன் பண்ணினேன், இங்கே ராத்திரி பதினொன்று.

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை, மீன் முள்ளு."

வைத்த பிறகு வாட்சின் சாவியை இழுத்து அரை மணி முன்னால் தள்ளினேன். இப்போது நிமிஷம் சரி. கணக்குப் பார்த்தால் இது ஓம்ஸ்க் நேரம், என்றைக்கோ தாண்டி வந்த ஊர். எனக்குத் தேவை பெரிய முள் மட்டும்தான், இருக்கட்டும்.

14, 15 ஜூலை

சீத்தாவில் பாட்டி இறங்கினாள். அவள் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் அன்றைக்குத்தான் ஒன்றாக இருந்தன. இறங்கும்போது அவளுக்கு மட்டும் தூக்கக் கலக்கமே இல்லை. அப்புறம் காடு, மலை, சதுப்பு. ராத்திரியில் சிக்னல் கிடையாது, காலையில் கிடைத்த ஒரு கோட்டில் "சுகம்" என்று மெசேஜ் மட்டும் போட்டேன். பிரான்ஸ் 4-2 என்று குரோஷியா தோற்ற செய்தி நடுராத்திரிக்கு மேல் ஏதோ ஒரு ஸ்டேஷனில் வந்தது. பையன் என்னை எழுப்பிச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

16 ஜூலை. விளாதிவஸ்தோக்

காலையில் ஹபரோவ்ஸ்கில் அமூர் பாலம், பையன் இறங்கினான், கட்டிப்பிடித்துக்கொண்டான். சாயங்காலம் விளாதிவஸ்தோக். பிளாட்பாரத்தில் 9288 என்று எழுதிய தூண். அதன் பக்கத்தில் புதுச் செருப்போடு ஒரு போட்டோ. ரைட் டைம், லேட் இல்லை, காரணம் எழுத வேண்டியதில்லை.

ஹோட்டலில் கண் எரிய எரிய விழித்திருந்து, வாட்ச் எட்டரை காட்டியதும் போன் பண்ணினேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகம், தேதி 17 ஆகி அரை மணி ஆகிறது.

"என்னங்க, மணி எட்டுதான் ஆகுது! இப்பத்தான் பாட்டே போடுறான்."

வாட்சைப் பார்த்தேன். அடடா.

"வண்டி கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு" என்றேன்.

"பிஃபோர் டைம்ல வந்தா அவுட்டர்ல நிக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க. நில்லுங்க."

வைத்துவிட்டாள். இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கிறது.